அரைப்புள்ளியின் இருபுறமும் வினைமுற்று இருக்கிறதா என்று பார்த்தால் போதுமா?

தல்லாகுளம் | ஆகஸ்ட் 3, இரவு 9.40

ஆங்கில ஆய்வேடுகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். இப்போது கையில் இருப்பது உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டார மல்லிகை விவசாயிகளையும் மாட்டுத்தாவணிப் பூச்சந்தை விலையையும் பற்றிய 240 பக்க ஆய்வேடு. எழுதியவருக்கு அரைப்புள்ளி மீது அளவு கடந்த பிரியம். தேடிப் பார்த்ததில் 311 கிடைத்தன.

ஒவ்வொன்றையும் சரிபார்க்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். அரைப்புள்ளிக்கு இடப்புறம் உள்ளதையும் வலப்புறம் உள்ளதையும் தனித்தனியே தமிழில் சொல்லிப் பார்ப்பேன். இரண்டும் வினைமுற்றில் முடிந்தால் அரைப்புள்ளி இருக்கலாம். ஏதேனும் ஒன்று எச்சமாகத் தொங்கினால் அரைப்புள்ளியை எடுத்துவிடுவேன். ஆய்வேட்டின் 14ஆம் பக்கத்தில் இருந்த வாக்கியம் இது:

```
The buds are plucked before sunrise; because they open by evening.
```

இடப்புறம், "மொட்டுகள் சூரியன் எழுமுன் பறிக்கப்படுகின்றன" என்று முற்றுப் பெறுகிறது. வலப்புறமோ, "அவை மாலைக்குள் மலர்ந்துவிடுவதால்" என்று அந்தரத்தில் நிற்கிறது. ஆகவே அரைப்புள்ளி போக வேண்டும். பிகாஸ் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் வலப்புறம் "அவை மாலைக்குள் மலர்ந்துவிடுகின்றன" என்று ஆகிவிடும். அப்போது அரைப்புள்ளி அங்கேயே இருக்கலாம். ஆங்கிலம் எழுதும் தமிழருக்கு இதைவிட எளிய சோதனை வேண்டியதில்லை என்பது என் துணிபு. மறுப்பவர்கள் எடுத்துக்காட்டோடு மறுக்கவும்.

திருநகர் | ஆகஸ்ட் 3, இரவு 10.15

முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் நான். இவ்வளவு சுற்றிவளைக்க வேண்டியதில்லை. வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள். ஒன்று எண்ணும் அளவுக்கு நிறுத்தினால் காற்புள்ளி, இரண்டு எண்ணினால் அரைப்புள்ளி, மூன்று எண்ணினால் முக்காற்புள்ளி, நான்கு எண்ணினால் முற்றுப்புள்ளி. எங்களுக்கு எங்கள் ஆசிரியர் அப்படித்தான் கற்பித்தார். பெயர்களிலேயே கணக்கு இருக்கிறதே!

தல்லாகுளம் | ஆகஸ்ட் 3, இரவு 10.50

அந்தப் பெயர்கள்தாம் நம்மைக் கெடுத்தன என்று நினைக்கிறேன். கால், அரை, முக்கால், முற்று என்று பெயர் வைத்ததும் இவை ஒரே பொருளின் நான்கு அளவுகள், நாழியும் உழக்கும் போல, என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. அரைக்கும் முக்காலுக்கும் உள்ள வேறுபாடு கால் அளவு மூச்சு என்றால், இந்த ஆய்வேட்டை எழுதியவர் நினைத்த இடத்தில் நினைத்ததைப் போட்டது தவறே இல்லை என்று ஆகிவிடும். மேலே காட்டிய மொட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். பிகாஸுக்கு முன் யாரும் மூச்சு விடத்தான் செய்வார்கள். இரண்டு எண்ணும் அளவுக்கே விடலாம். அப்படியும் அங்கே அரைப்புள்ளி பிழைதான்.

ஒரு காலத்தில் நிறுத்தற்குறிகள் உரக்கப் படிப்பவருக்கான அடையாளங்களாக இருந்தன என்பது உண்மை. மூச்சுக் கணக்கு அந்தக் காலத்தின் எச்சம். இன்று ஆய்வேட்டைத் திருத்துபவர் இலக்கணத்தைத்தான் பார்க்கிறார்.

மேலூர் | ஆகஸ்ட் 4, காலை 7.05

அரைப்புள்ளி சரிபார்ப்பது பற்றிய இழை என்று கண்டு வந்தேன். நேற்று என் நிரலில் அரைப்புள்ளி கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கணினியோ இல்லை என்று பிழை காட்டியது. இரண்டு மணி நேரம் வீணானது. கடைசியில் பார்த்தால் எங்கிருந்தோ படியெடுத்து ஒட்டிய வரியில் இருந்தது கிரேக்கக் கேள்விக்குறி. யூனிகோடில் அது U+037E. நம் விசைப்பலகையில் இருக்கும் அரைப்புள்ளி U+003B. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. இதைச் சரிபார்க்கும் கருவி ஏதும் உங்களிடம் இருக்கிறதா?

தல்லாகுளம் | ஆகஸ்ட் 4, காலை 7.30

தம்பி, இது ஆங்கில உரைநடையைப் பற்றிய இழை. ஆனாலும் கிரேக்கர்கள் அரைப்புள்ளி வடிவத்தைக் கேள்விக்குறியாக வைத்திருப்பது, மூச்சுக் கணக்கு எல்லா ஊருக்கும் பொதுவானதன்று என்பதற்கு நல்ல சாட்சி. தேடும் கட்டளைகள் உங்களுக்குத் தெரியுமென்றால் போய்விடாதீர்கள், எனக்குத் தேவைப்படும்.

நாகமலை | ஆகஸ்ட் 4, மதியம் 1.20

தல்லாகுளத்தின் சோதனை நல்லதுதான், ஆனால் மூன்று இடங்களில் கவிழும். எடுத்துக்காட்டு கேட்டீர்கள், தருகிறேன்.

முதலாவது:

```
The market has three brokers; all from one family.
```

வலப்புறத்தைத் தமிழில் சொல்லுங்கள். "எல்லோரும் ஒரே குடும்பத்தினர்." குறையே இல்லாத தமிழ் வாக்கியம், ஏனெனில் தமிழில் பெயரே பயனிலையாக நின்று வாக்கியத்தை முடித்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை, வினை வேண்டும். உங்கள் சோதனை இதைத் தேர்ச்சி பெறச் செய்துவிடும், ஆனால் அரைப்புள்ளி தவறு. ஆர் என்ற வினையைச் சேர்க்க வேண்டும், அல்லது அரைப்புள்ளியைக் காற்புள்ளி ஆக்க வேண்டும்.

இரண்டாவது:

```
The flowers go to Chennai; which pays a higher rate.
```

மொழிபெயர்ப்பில் பழகிய கை விச் என்பதைப் பெயரெச்சமாக மாற்றாது. "பூக்கள் சென்னைக்குப் போகின்றன, அங்கே கூடுதல் விலை கிடைக்கிறது" என்று இரண்டாக உடைத்துத்தான் சொல்லும். நல்ல தமிழுக்கு அதுவே வழி. ஆனால் உடைத்த கணமே சோதனை ஏமாந்துவிடுகிறது. தமிழ் எவ்வளவு இயல்பாக வருகிறதோ அவ்வளவுக்குச் சோதனை பொய் சொல்லும்.

மூன்றாவதுதான் ஆய்வேடுகளில் மிகுதி:

```
The yield was high, however, the price did not fall.
```

இதில் பிழை எதிர்த்திசையில் இருக்கிறது. அரைப்புள்ளி வேண்டிய இடத்தில் காற்புள்ளி நிற்கிறது. நீங்கள் அரைப்புள்ளிகளைத் தேடி ஒவ்வொன்றாகப் பார்க்கிறீர்கள்; இல்லாத அரைப்புள்ளி உங்கள் தேடலில் எப்படி அகப்படும்? மேலும் பட், ஹவெவர் இரண்டுமே தமிழில் "ஆனால்" என்றே வருவதால், ஒன்றுக்கு முன் காற்புள்ளி போதும், மற்றொன்றுக்கு முன் அரைப்புள்ளி வேண்டும் என்பதை மொழிபெயர்ப்பு காட்டவே காட்டாது.

தல்லாகுளம் | ஆகஸ்ட் 4, மாலை 6.45

இன்று முழுவதும் வேலை ஓடவில்லை. நாகமலையின் முதல் எடுத்துக்காட்டைப் படித்ததும் முன்பே முடித்துவிட்ட அதிகாரங்களைத் திறந்தேன். வினையில்லாத வலப்புறங்களை ஒன்பது இடங்களில் நானே விட்டிருக்கிறேன். அவை தமிழில் எனக்கு முழு வாக்கியங்களாகவே கேட்டன.

ஆகவே என் சோதனையைத் திருத்துகிறேன். தமிழில் முற்றுப் பெறுகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், வலப்புறத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி, முன்னால் முற்றுப்புள்ளி வைத்து, அதை ஒரு பத்தியின் தொடக்கமாகக் கற்பனை செய்துகொண்டு ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டும். "ஆல் ஃப்ரம் ஒன் ஃபேமிலி" என்று ஒரு பத்தி தொடங்கினால் யாருக்கும் உறுத்தும். "விச் பேஸ்" என்று தொடங்கினாலும் அப்படியே. தமிழ்ச் சோதனை பிகாஸ், ஆல்தோ, வினையெச்ச ஐஎன்ஜி வகைகளை விரைவாகப் பிடிக்கும். எஞ்சியதற்கு ஆங்கிலச் சோதனை வேண்டும்.

ஹவெவருக்கு உங்களிடம் வழி இருக்கிறதா?

நாகமலை | ஆகஸ்ட் 4, மாலை 7.10

நகர்த்திப் பாருங்கள். ஹவெவரை வாக்கியத்துக்குள் தள்ளி, "த பிரைஸ், ஹவெவர், டிட் நாட் ஃபால்" என்று சொல்லலாம். பட் என்பதை அப்படித் தள்ள முடியாது. நகரக்கூடிய சொல் இரண்டு வாக்கியங்களை இணைக்கும் ஆணி அன்று, இரண்டாவது வாக்கியத்துக்குள் அமர்ந்திருக்கும் விருந்தாளி. ஆணி இல்லாததால் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும். தேர்ஃபோர், மோர்ஓவர், நெவர்த்லெஸ் எல்லாம் இதே குடும்பம்.

ஆனால் ஹவெவரின் இருபுறமும் காற்புள்ளி இருந்தாலே பிழை என்று அடித்துவிடாதீர்கள். நான் இப்போது சொன்ன "த பிரைஸ், ஹவெவர்" என்பதில் இரண்டு காற்புள்ளிகளும் சரி. ஹவெவருக்கு முன்னால் ஒரு முழு வாக்கியம் முடிந்திருக்கிறதா என்பதே கேள்வி.

திருநகர் | ஆகஸ்ட் 4, இரவு 9.00

இப்படியே போனால் அரைப்புள்ளிகளில் பாதியைக் கொன்றுவிடுவீர்கள். இதைப் பாருங்கள்:

```
Growers came from Melur, in the north-east;
Usilampatti, in the west; and Tirumangalam, in the south-west.
```

இதில் அரைப்புள்ளிக்குப் பின் வினைமுற்றும் இல்லை, ஆங்கில வினையும் இல்லை. ஆனால் அரைப்புள்ளி இரண்டும் சரி. எல்லாவற்றையும் காற்புள்ளியாக மாற்றினால் ஊர்கள் மூன்றா ஆறா என்று அயலூர்க்காரர் திகைப்பார்.

தல்லாகுளம் | ஆகஸ்ட் 4, இரவு 9.25

ஒப்புக்கொள்கிறேன், இதில் நீங்கள் சொல்வதே முழுச் சரி. உறுப்புகளுக்குள்ளேயே காற்புள்ளி வந்துவிடும் பட்டியலில் உறுப்புகளைப் பிரிக்க அரைப்புள்ளி வேண்டும். அங்கே என் சோதனைக்கு வேலையே இல்லை. கடைசி உறுப்புக்கு முன், அண்ட் என்பதற்கு முன்னும் அது வர வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். இந்த ஆய்வேட்டில் பல பட்டியல்கள் அரைப்புள்ளியில் தொடங்கிக் கடைசியில் காற்புள்ளிக்கு இறங்கியிருக்கின்றன.

இன்னொன்றையும் இன்றுதான் கவனித்தேன். நான் 311 என்று சொன்ன எண்ணிக்கையே தவறான மதிப்பீடு. அவற்றில் 138 அடைப்புக்குறிக்குள் மேற்கோள் ஆசிரியர்களைப் பிரிக்கும் அரைப்புள்ளிகள். ஏபிஏ முறையில் ஒரே இடத்தில் பல ஆய்வுகளைச் சுட்டும்போது இடையில் வருபவை. அவற்றைத் தள்ளினால் 173. அவற்றிலும் பட்டியலுக்குரியவை 38. ஆக, என் சோதனைக்கு உட்படுபவை 135 மட்டுமே. முதலில் வகை பிரித்துவிட்டுத்தான் சோதிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டு நாள் உழைப்பில் ஒரு நாள் அடைப்புக்குறிகளோடு போயிற்று.

மேலூர் | ஆகஸ்ட் 5, காலை 6.50

கோப்பை வெறும் உரையாகச் சேமித்துக்கொண்டு இதை ஓட்டுங்கள்:

```
grep -niE ';[[:space:]]+(because|although|which|when|if)\b' thesis.txt
```

அரைப்புள்ளிக்குப் பின் இந்த ஐந்து சொற்களில் ஒன்று வரும் வரிகள் எல்லாம் வரி எண்ணோடு கிடைக்கும்.

தல்லாகுளம் | ஆகஸ்ட் 5, காலை 11.30

ஓட்டினேன். 22 வரிகள் வந்தன. வந்தவற்றை எல்லாம் பிழை என்று எழுதிவிடாமல் ஒவ்வொன்றாகப் படித்தது நல்லதாயிற்று. மூன்று சரியானவை. அவற்றில் ஒன்று:

```
Rates rose for a week; when the rain stopped, they fell.
```

வென் என்று தொடங்கினாலும் வலப்புறத்தின் பின்பாதியில் "அவை இறங்கின" என்ற முற்று வந்துவிடுகிறது. வலப்புறத்தின் முதல் சொல்லைப் பார்த்தே தீர்ப்பு எழுதக் கூடாது, அதன் கடைசி வரை போக வேண்டும். தமிழில் சொல்லிப் பார்த்தாலும் "மழை நின்றபோது அவை இறங்கின" என்று ஒழுங்காக முடிகிறது. இங்கே என் பழைய சோதனை கட்டளையை வென்றுவிட்டது என்று சிறிது மகிழ்ந்துகொண்டேன்.

இன்னொரு குறை. பிடிஎஃப் கோப்பிலிருந்து படியெடுத்த அதிகாரத்தில் ஒவ்வொரு வரியும் தனித்தனியே முறிந்திருக்கிறது. அரைப்புள்ளி வரியின் கடைசியிலும் பிகாஸ் அடுத்த வரியின் முதலிலும் இருந்தால் கட்டளைக்கு அது தெரிவதில்லை. அந்த அதிகாரத்தைக் கண்ணால்தான் பார்த்தேன்.

அனுப்பானடி | ஆகஸ்ட் 5, மதியம் 3.15

நான் அரசு அலுவலகத்தில் வரைவு எழுதுபவன். முக்காற்புள்ளியைப் பற்றி யாருமே பேசவில்லையே. எங்கள் கடிதங்களில் "பொருள்:-" "பார்வை:-" என்று முக்காற்புள்ளிக்குப் பின் ஒரு சிறு கோடு இல்லாமல் எதுவும் போகாது. ஆங்கிலக் கடிதத்திலும் அப்படியே போடுகிறோம். புதிதாக வந்த அதிகாரி கோட்டை எல்லாம் அடித்துத் திருப்பிவிட்டார். கோடு தவறா?

நாகமலை | ஆகஸ்ட் 5, மாலை 5.40

பழைய ஆங்கில அச்சில் அந்தக் கோடு வழக்கமாக இருந்தது. பிறகு ஆங்கிலத்தில் கைவிடப்பட்டது. நம் அலுவலகங்களில் தங்கிவிட்டது. இலக்கணப் பிழை என்று சொல்ல மாட்டேன், பழைய வழக்கு என்பேன். ஆய்வேட்டில் வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் வேண்டுமா என்பதை உங்கள் அதிகாரிதான் சொல்ல வேண்டும், சொல்லியும்விட்டார்.

உண்மையான முக்காற்புள்ளிப் பிழை வேறிடத்தில் இருக்கிறது:

```
The main varieties are: Malligai, Mullai and Pichi.
```

முக்காற்புள்ளிக்கு வலப்புறம் என்ன இருந்தாலும் கவலையில்லை. ஒற்றைச் சொல்லாகக்கூட இருக்கலாம். இடப்புறம்தான் தானாக நிற்க வேண்டும். ஆர் என்ற வினையிலேயே நிறுத்தினால், "முக்கிய வகைகள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது போலாகும். இங்கே முக்காற்புள்ளியை எடுத்துவிட்டாலே போதும். அல்லது இடப்புறத்தை "மூன்று வகைகள் பயிரிடப்படுகின்றன" என்று முழு வாக்கியமாக்கிவிட்டு முக்காற்புள்ளியை வைத்துக்கொள்ளலாம். இன்க்ளூட், சச் ஆஸ் ஆகியவற்றுக்குப் பின் வருவதும் இதே பிழை.

தல்லாகுளம் | ஆகஸ்ட் 5, இரவு 8.20

அப்படியானால் அரைப்புள்ளிக்கு இருபுறமும் பார்க்க வேண்டும், முக்காற்புள்ளிக்கு இடப்புறம் மட்டும் பார்த்தால் போதும். இதை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். பட்டியல் அரைப்புள்ளி விலக்கு என்று அடியில் சிறிய எழுத்தில்.

திருநகர் | ஆகஸ்ட் 5, இரவு 8.45

இரண்டு பக்கமும் முழு வாக்கியமாக இருந்தால் இரண்டு குறிகளில் எதையும் போடலாம் என்றுதானே ஆகிறது? அப்போது மூச்சைத்தானே பார்க்க வேண்டும்?

தல்லாகுளம் | ஆகஸ்ட் 6, காலை 10.10

ஐயாவின் கேள்வி இரவு முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனெனில் ஆய்வேட்டின் நான்காம் அதிகாரத்தில் சரியாக இந்த இடத்தில்தான் நான் தடுமாறி நிற்கிறேன்.

```
The price fell in July: the wedding season had ended.
```

இருபுறமும் முழு வாக்கியம். இலக்கணச் சோதனை எல்லாவற்றிலும் தேர்ச்சி. ஆனால் முக்காற்புள்ளி போட்டால், விலை இறங்கியதற்குக் காரணம் முகூர்த்த நாள்கள் முடிந்ததுதான் என்று வலப்புறம் இடப்புறத்தை விளக்குவதாகிவிடுகிறது. அரைப்புள்ளி போட்டால் இரண்டு செய்திகளும் அக்கம்பக்கமாக நிற்கின்றன. தொடர்பு இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் கிடைக்கிறது.

ஜூலை நடுவில் ஆடி பிறந்து முகூர்த்தம் நின்றுபோவது உண்மை. ஆனால் கோடை மாதங்களில் மல்லிகை வரத்தே மிகுதி என்று அதே அதிகாரத்தில் நான்கு பக்கங்களுக்கு முன் அட்டவணை இருக்கிறது. விலை இறங்கியது வரத்தினாலா, கல்யாணம் இல்லாததினாலா என்பதை ஆய்வேடு பிரித்துக் காட்டவில்லை. பிரித்துக் காட்டாத ஆய்வேட்டில் முக்காற்புள்ளி சான்றில்லாத ஒரு கூற்றைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுவருகிறது. இதை எந்த மூச்சும் சொல்லித்தராது, grep கட்டளையும் கண்டுபிடிக்காது. எழுதியவரைத்தான் கேட்க வேண்டும், கேட்டு எழுதியிருக்கிறேன்.

நாகமலை | ஆகஸ்ட் 6, மதியம் 12.30

இந்த அளவுக்குப் போவதை நான் ஏற்கவில்லை. அரைப்புள்ளி போட்டாலும் வாசகர் காரணமாகத்தான் படிப்பார். காரணம் உறுதியில்லை என்றால் அதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும், குறிக்குள் ஒளித்து வைக்கக் கூடாது.

தல்லாகுளம் | ஆகஸ்ட் 6, மதியம் 12.50

இருக்கலாம். ஆனால் மெய்ப்புப் பார்ப்பவளுக்குப் புது வாக்கியம் எழுதும் உரிமை இல்லை. குறியை மாற்றலாம், ஓரத்தில் கேள்வி எழுதலாம், அவ்வளவுதான்.

அனுப்பானடி | ஆகஸ்ட் 6, மாலை 4.05

முக்காற்புள்ளிக்குப் பின் முதல் எழுத்து பெரியதா சிறியதா?

நாகமலை | ஆகஸ்ட் 6, மாலை 4.40

யாருடைய விதிப்படி என்று கேளுங்கள். ஏபிஏ முறையில் பின்வருவது முழு வாக்கியமாக இருந்தால் பெரிய எழுத்து. சிகாகோ கையேட்டின் 17ஆம் பதிப்பு வரை ஒரே வாக்கியம் வந்தால் சிறிய எழுத்து, இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்தால்தான் பெரிய எழுத்து; 2024இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்து முழு வாக்கியம் ஒன்று வந்தாலே பெரிய எழுத்து. பிரிட்டிஷ் வழக்கில் பொதுவாகச் சிறிய எழுத்து. அரைப்புள்ளிக்குப் பின் எங்கும் சிறிய எழுத்தே, சிறப்புப் பெயராக இருந்தாலொழிய.

தல்லாகுளம் | ஆகஸ்ட் 8, இரவு 9.15

ஆய்வாளரிடமிருந்து பதில் வந்துவிட்டது. ஜூலை வாக்கியத்தில் அரைப்புள்ளியே இருக்கட்டும் என்றும், காரணத்தைப் பிரித்துச் சொல்லத் தரவு போதாது என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் நெறியாளர் அதே வாக்கியத்தில் மீண்டும் முக்காற்புள்ளி போட்டு, தற்போதுள்ள சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி அனுப்பியிருக்கிறார். மேற்கோள்கள் ஏபிஏ முறையில் இருப்பதால் எழுத்தைப் பற்றி நான் வாதாட முடியாது. குறியைப் பற்றி ஓரத்தில் மறுபடியும் பென்சிலால் எழுதி, 4ஆம் அதிகாரத்தை மட்டும் தனி உறையில் போட்டுத் திருப்பியிருக்கிறேன்.

அந்த 135 அரைப்புள்ளிகளுக்கும் கணக்கு முடிந்தது. 41 பிழை. அவற்றில் 19 அந்த ஐந்து சொற்களின் முன் இருந்தவை, ஒன்பது வினையில்லாதவை, எஞ்சிய 13 ஐஎன்ஜி எச்சங்கள். காற்புள்ளிக்குள் ஒளிந்திருக்கும் ஹவெவர்களை இனித்தான் தேட வேண்டும். மேலூர்த் தம்பி, அதற்கும் ஒரு கட்டளை எழுதித் தரவும்.